நெல்லுத் தூசியா, ஃப்ளூவா?

(தஞ்சாவூரில் பொதுமக்கள் கூட்டம் ஒன்றில் பொதுநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தபோது நான் உங்கள் தும்மல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை எண்ணினேன். அந்தப் பதினொன்றில் சளி எத்தனை, ஃப்ளூ எத்தனை, கொரோனா எத்தனை, அலர்ஜி எத்தனை என்று மேடையிலிருந்தே சொல்ல முடியுமா என்றால் முடியாது. பக்கத்தில் வந்து வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாலும் பாதிதான் முடியும். மீதிப் பாதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் ஏமாந்த கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2023 மாசி மாதம். பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஓர் ஊர். அங்கே 63 வயதுப் பெரியவர் ஒருவர், பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய்க்கு என்னிடம் மாத்திரை வாங்குகிறவர். தாளடி அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் குவித்துவிட்டு, குவியலுக்குப் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார். பக்கத்தில் நெல் தூற்றும் மெஷின். அது ஓடத் தொடங்கினால் பத்தடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் முகம் தெரியாது. பதரும் உமித்தூளும் சுணையும் ஒரே புகையாக எழும்பும்.

மெஷினை முடுக்கிய ஐந்தாவது நிமிடம் அவருக்குத் தும்மல் பிடிக்கும். ஒன்று இரண்டல்ல, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு. மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி ஒழுகும். கண் அரிக்கும். மேல் அண்ணம் அரிக்கும்; அதை நாக்கால் சொறிந்துகொள்ளும்போது தொண்டையில் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் வரும். உள்ளங்கையால் மூக்கின் நுனியைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொள்வார். மெஷின் நின்று, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துச் சட்டையை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். இதைவிடத் தெளிவான அலர்ஜியைப் புத்தகத்தில்கூடப் பார்க்க முடியாது. வருடா வருடம் அறுவடைக்கு அறுவடை அவருக்கு வருவதுதான் இது.

அரிப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். சளியிலும் மூக்கு ஒழுகும், ஃப்ளூவிலும் ஒழுகலாம், கொரோனாவிலும் ஒழுகும். ஆனால் கண்ணும் மூக்கும் அண்ணமும் சேர்ந்து அரிப்பது பெரும்பாலும் ஒவ்வாமைக்கே உரியது. என்னிடம் வருகிறவரிடம் ‘தும்மல் இருக்கா’ என்று கேட்பதைவிட ‘அரிக்குதா’ என்று கேட்டால் எனக்கு அதிகம் தெரிந்துவிடும்.

பெரியவருக்குத் திரும்புகிறேன். மாசி மகத்துக்குச் சென்னையிலிருந்து மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். மகனுக்கு லேசான இருமல். எல்லாருமாகக் கும்பகோணம் போய் மகாமகக் குளத்தில் தலை முழுகிவிட்டு, கூட்டத்தில் நசுங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் திரும்பினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

“டாக்டர் தம்பி, தும்மல் இந்தத் தடவை ஆளை அடிச்சுப் போட்டுடுச்சு. உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.”

“காய்ச்சல் இருக்குதா ஐயா?”

“காய்ச்சல் இல்ல. இப்பதான் இவ தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தா. தொண்ணூத்தொம்பது.”

தூசியில் பத்து நாளாகப் படுத்திருக்கிறார், அலைச்சல் வேறு, உடம்பு வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். வழக்கமான அலர்ஜி மாத்திரையையே தொடரச் சொன்னேன். அங்கேதான் தப்பு நடந்தது.

நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன் என்ன மாத்திரை போட்டார்? மெடிக்கலில் ‘கோல்டு மாத்திரை’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அதை ஒரு வாரமாக நாளைக்கு மூன்று வேளை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குள் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும். தும்மலை அடக்கித் தூக்கம் வரவழைக்கும் மருந்து ஒன்று. மூக்கடைப்பைத் திறக்கிற, ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடிய மருந்து ஒன்று. மூன்றாவது பாராசிட்டமால். அது காய்ச்சலை இறக்கும். போன் பேசுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்தான் அவர் ஒன்றைப் போட்டிருந்தார். 99 என்று தெர்மாமீட்டர் காட்டியது பொய்யல்ல. மாத்திரை போட்ட பிறகு இருந்த வெப்பத்தை அது சரியாகவே காட்டியது. இரவு மாத்திரையின் வேலை முடிந்ததும் போர்வைக்குள் உடம்பு தூக்கிப்போட்டிருக்கிறது. அப்போது பார்த்தபோது 103.

ஆகையால் வீட்டில் காய்ச்சல் பார்ப்பதானால் மாத்திரைக்கு முன்னால் பாருங்கள். போட்டாகிவிட்டது என்றால் ஐந்தாறு மணி நேரம் கழித்து, அடுத்த மாத்திரைக்கு முன்னால் பாருங்கள். 100.4 அல்லது அதற்கு மேல் என்றால் அது காய்ச்சல். ‘உள்காய்ச்சல்’ என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

இப்போது மற்ற மூன்றுக்கு வருவோம். அறிகுறிகளைப் பட்டியல் போட்டுக் கட்டம் கட்டி அச்சடித்த தாள்கள் நிறைய வந்திருக்கின்றன. நானும் ஒன்றை என் அறையில் ஒட்டி வைத்திருந்தேன், பிறகு கிழித்துவிட்டேன். எல்லாக் கட்டத்திலும் ‘இருக்கலாம்’ என்று போட்டிருந்தால் அந்தத் தாளால் என்ன பயன்? அறிகுறியைவிட அது வந்த வேகம் எனக்கு அதிகம் சொல்கிறது.

அலர்ஜி நிமிடக் கணக்கில் வரும் என்று பார்த்தோம். ஃப்ளூ மணிக் கணக்கில் வரும். ஃப்ளூ வந்தவரிடம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மணி சொல்வார். ‘நேத்து மூணு மணிக்கு வரப்புல நின்னுக்கிட்டிருந்தேன், குளிர் எடுத்துச்சு, வீட்டுக்கு வந்து படுத்தவன்தான்’ என்பார். காலையில் வயலில் நின்ற மனிதர் சாயங்காலம் எழுந்து தண்ணீர் குடிக்க முடியாமல் கிடப்பார். தலைவலி, கை கால் குடைச்சல், கண்ணை அசைத்தால் வலி, வறட்டு இருமல். மூக்கு ஒழுகுவது இதில் துணை வேடம்தான். காய்ச்சல் மூன்று நாலு நாள் அடித்துவிட்டு இறங்கும். இருமல் இரண்டு மூன்று வாரம் நிற்கும்.

சாதாரணச் சளி நாள் கணக்கில் வரும். முதல் நாள் தொண்டையில் ஒரு கரகரப்பு. மறுநாள் மூக்கு ஒழுகல். அதற்கு மறுநாள் அடைப்பு, தலை கனம். என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டால் கிழமையிலேயே சந்தேகம் வரும். பெரியவர்களுக்குச் சளியில் காய்ச்சல் வருவது அபூர்வம், வந்தாலும் லேசாகத்தான். வேலைக்குப் போவார்கள், புலம்பிக்கொண்டே போவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். நாலாம் நாள் மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். அதைக் கைக்குட்டையில் எடுத்து வந்து காட்டி, ‘நெஞ்சுல கட்டிடுச்சு, ஆன்டிபயாடிக் எழுதுங்க’ என்கிறவர்கள் உண்டு. அந்த நிறம் நம் வெள்ளை அணுக்கள் வேலை செய்து விட்டுப்போன கசடு. அதை வைத்துப் பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது.

கொரோனாதான் இந்தக் கணக்கில் அடங்காதது. 2020, 2021இல் ஓர் அடையாளம் கொடுத்தது: மூக்கு அடைக்காமலே வாசனை போயிற்று. டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒமிக்ரான் வகை பரவிய பிறகு அந்த அடையாளம் மிகவும் குறைந்துவிட்டது. இப்போது அது தொண்டை வலியும் மூக்கு ஒழுகலுமாகச் சளி மாதிரி வரும். காய்ச்சலும் உடம்பு வலியுமாக ஃப்ளூ மாதிரி வரும். ஒன்றுமே இல்லாமலும் வந்து போகும். ‘வாசனை நல்லாத் தெரியுது, அதனால கொரோனா இல்ல’ என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் 2020ஆம் வருடத்துக் காலண்டரைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒன்றுமே இல்லாமல் வரும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். 2021 மார்ச்சில் அம்மாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவி ஒருவருக்குத் தொற்று உறுதியானது. பள்ளி முழுவதையும் பரிசோதித்தார்கள். 56 மாணவிகளுக்கு இருந்தது. பிறகு மாவட்டத்தின் மற்றப் பள்ளிகளிலும் தேடத் தேடக் கிடைத்தது. இருமுகிறவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தியிருந்தால் அத்தனை பேரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அன்றைக்கு எல்லாரையும் பரிசோதித்தது சரி. ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை; ஒரு பிள்ளையிடமிருந்து ஒரு பாட்டிக்குப் போகும் சங்கிலியை அறுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நிலைமை வேறு. எல்லா மூக்கிலும் குச்சி விட வேண்டியதில்லை. ஆனால் யார் மூக்கில் விட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பெரியவர் வீட்டுக்கே போவோம். இரவு 103 என்று பார்த்ததும் மகன் பதறிப்போய்க் கொரோனா வீட்டுப் பரிசோதனைக் கிட் ஒன்றை வாங்கி வந்தான். 2021 மே மாதம் ஐசிஎம்ஆர் வீட்டில் செய்துகொள்ள அனுமதித்த வகை அது. அதில் குச்சியை நாசிக்குள் இரண்டிலிருந்து நாலு சென்டிமீட்டர் வரை விட்டு, உள்சுவரில் படும்படி ஐந்து சுற்று சுற்ற வேண்டும். அதே குச்சியால் அடுத்த நாசியிலும் அப்படியே. திரவத்தில் கலக்கி இரண்டு சொட்டு அட்டையில் விட்டு, பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். C என்ற இடத்தில் கோடு வராவிட்டால் அந்த அட்டை செல்லாது. T இடத்தில் எவ்வளவு மங்கலாகக் கோடு வந்தாலும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். இருபது நிமிடம் தாண்டி வருகிற கோட்டை நம்பக் கூடாது. மறுநாள் காலை குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து அலறுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

C மட்டும் வந்தது. நெகட்டிவ். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. “அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, தூசிதான்” என்று மகன் சொல்லிவிட்டான். இங்கே இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு அட்டையைப் பற்றியது. இந்த அட்டை ‘இருக்கிறது’ என்று சொன்னால் அநேகமாக உண்மை. ‘இல்லை’ என்று சொன்னால் யார், எப்போது சோதித்தார் என்று பார்க்க வேண்டும். அறிகுறி உள்ளவர்களில் நாலு பேருக்குக் கொரோனா இருந்தால் சுமார் மூன்று பேரைத்தான் அது பிடிக்கும். அதிலும் அறிகுறி தொடங்கிய முதல் நாள் பிடிப்பது குறைவு. மூக்கில் வைரஸ் பெருகி உச்சத்துக்கு வர மூன்று நாலு நாள் ஆகலாம்.

ஒரு மனக்கணக்கு போடுவோம். வீட்டில் ஒருவருக்குக் கொரோனா உறுதியாகிவிட்டது. அப்படிப்பட்ட வீடுகளில் காய்ச்சலோடு படுத்திருக்கிற நூறு பேரை எடுத்துக்கொள்வோம். அறுபது பேருக்கு உண்மையில் கொரோனா என்று வையுங்கள். அட்டை நாற்பத்தைந்து பேரைப் பிடிக்கும், பதினைந்து பேரை விட்டுவிடும். ‘நெகட்டிவ்’ என்று வந்த ஐம்பத்தைந்து பேரில் பதினைந்து பேருக்கு நோய் இருக்கிறது. நாலில் ஒருவருக்கும் மேலே! இதே அட்டையை, ஊரில் கொரோனாவே அனேகமாக இல்லாத காலத்தில் நூறு பேருக்குப் போடுங்கள். இரண்டு பேருக்குத்தான் இருக்கிறதென்றால் விட்டுப்போகிறவர் அநேகமாக ஒருவருக்கு மேல் இருக்க மாட்டார். அட்டை மாறவில்லை, தெருவில் என்ன நடமாடுகிறது என்பதுதான் மாறியது. அதனால்தான் பரிசோதனைக்கு முன்பே, ‘வீட்டில் யாருக்கு வந்தது, எங்கே போய்வந்தீர்கள்’ என்று கேட்கிறோம். வம்பு விசாரிப்பதற்காக அல்ல. சந்தேகம் வலுவாக இருந்து அட்டை இல்லையென்று சொன்னால், 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை போட வேண்டும், அல்லது ஆர்டிபிசிஆர் எடுக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. அந்த அட்டை கொரோனாவை மட்டும்தான் தேடுகிறது. ஃப்ளூவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ‘கொரோனா இல்லை’ என்பதிலிருந்து ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு மகன் ஒரே தாவாகத் தாவிவிட்டான்.

பெரியவர் படுத்த அந்த 2023 மார்ச் மாதம் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தது என்ன? எச்3என்2 என்ற ஃப்ளூ வகை. அது நாடு முழுவதும் பரவி, நீங்காத இருமலோடு ஜனங்கள் அலைந்தார்கள். காய்ச்சல் மூன்று நாளில் போகும், இருமல் மூன்று வாரம் இருக்கும், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று இந்திய மருத்துவ சங்கம் அறிக்கை விட்டது. தமிழ்நாட்டில் மார்ச் 10ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடத்தினார்கள். அதே மாதக் கடைசியில் கொரோனாவும் தலை தூக்கியது. ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளுக்குள் முகக்கவசம் கட்டாயம் என்றார்கள். இரண்டும் ஒன்றாக உலவிய காலம். அறிகுறியை வைத்து அவை இரண்டையும் பிரிக்க எந்த டாக்டராலும் முடியாது. முடியும் என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

மறுநாள் காலை பெரியவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். இப்போது எதிரில் வைத்துக் கேட்டேன். தும்மலைப் பற்றி அல்ல, “பத்து நாளா இல்லாம புதுசா என்ன வந்துச்சு?” என்று. அரிப்பு அதேதான், தும்மல் கொஞ்சம் குறைந்தேவிட்டது என்றார். புதிதாக வந்தவை குளிர், உடம்புக் குடைச்சல், வறட்டு இருமல். “எப்ப?” “முந்தாநேத்து ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். எட்டு, எட்டரை இருக்கும். தட்டைத் தள்ளிட்டுப் படுத்துட்டேன்.” மணி சொல்லிவிட்டார். அலர்ஜிக்காரருக்கு ஃப்ளூ வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. பழைய நோய் ஒன்று வீட்டில் குடியிருந்தால் புதிதாக நுழைந்ததை அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

இனி ஃப்ளூவுக்கும் ஒரு பரிசோதனை எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். மகனும் கேட்டான். இதற்கு நம் நாட்டில் 2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதே மத்திய சுகாதாரத் துறை ஒரு வழி வகுத்தது, மூன்று பிரிவு. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலியோடு மற்றபடி திடமாக இருப்பவர் ஏ பிரிவு. அவருக்குப் பரிசோதனையும் வேண்டாம், ஃப்ளூ மாத்திரையும் வேண்டாம். வீட்டில் தனியாக இருந்தால் போதும். காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையாக இருந்தாலோ, கர்ப்பிணியாகவோ 65 வயது தாண்டியவராகவோ சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவராகவோ இருந்தாலோ பி பிரிவு. இவர்களில் ஆபத்து அதிகமுள்ளவருக்கு ஓசெல்டாமிவிர் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும்; பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் கலந்த தூக்கம், சளியில் ரத்தம், ரத்த அழுத்தம் இறங்குவது, நகம் நீலமாவது, இவற்றில் ஏதாவது இருந்தால் சி பிரிவு. உடனே மருத்துவமனை, அங்கே பரிசோதனை, சிகிச்சை இரண்டும் சேர்ந்து நடக்கும்.

இதன் சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. ஓசெல்டாமிவிர் நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். மாதிரி எடுத்து, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்பி, முடிவு வருவதற்குள் அந்த நேரம் போய்விடலாம். தனியார் ஆய்வகத்தில் எல்லா வைரஸையும் ஒரே மாதிரியில் தேடும் பரிசோதனை உண்டு. சில ஆயிரம் ரூபாய் ஆகும். முடிவு எதுவானாலும் செய்யப்போவது ஒன்றேதான் என்றால் அந்தப் பணம் நோயாளியின் நிம்மதிக்கு ஆனதே ஒழிய வைத்தியத்துக்கு ஆனதல்ல.

ஆகவே அந்த வீட்டில் நடந்தது இதுதான். பெரியவருக்குச் சர்க்கரை இருப்பதால் பி பிரிவு. முந்தாநாள் இரவு எட்டரையிலிருந்து கணக்குப் போட்டால் 38 மணி நேரம் ஆகியிருந்தது. ஆக்ஸிஜன் 96. சிறுநீரகக் கணக்கு இரண்டு மாதத்துக்கு முன் எடுத்தது சரியாக இருந்தது. காலையிலும் இரவிலும் 75 மில்லிகிராம் ஓசெல்டாமிவிர், ஐந்து நாள். கோல்டு மாத்திரையை நிறுத்தி, காய்ச்சலுக்குத் தனியாகப் பாராசிட்டமால். காய்ச்சலில் சர்க்கரை ஏறும் என்பதால் காலையும் மாலையும் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். ஆக்ஸிஜன் 94க்குக் கீழே போனால், அல்லது காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினால், இரவென்றும் பாராமல் வரச் சொன்னேன். ஃப்ளூ போன தடத்தில் நிமோனியா நுழைவது அப்படித்தான். கொரோனா அட்டையை மட்டும் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை போடச் சொன்னேன். கொரோனாவுக்கு ஏற்ற மாத்திரை வேறு, அதையும் ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். இரண்டாவதும் நெகட்டிவ்தான்.

மகனுக்கு 34 வயது, இருமலைத் தவிர வேறொன்றுமில்லை. ஏ பிரிவு. அவனுக்கு எந்தப் பரிசோதனையும் எழுதவில்லை. “எனக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே சார்” என்றான். “எடுத்து?” என்றேன். பதில் இல்லை. ஐந்து நாள் திண்ணையில் படுத்துக்கொள், சென்னைக்கு இப்போது பஸ் ஏறாதே என்று அனுப்பினேன். பெரியவரின் மனைவிக்கு லேசாகத் தொண்டை கரகரத்தது. நாலாம் நாள் மூக்கடைப்போடு நின்றது. அது சளியோ, வலுவில்லாமல் வந்த ஃப்ளூவோ.

பெரியவருக்கு ஃப்ளூதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆய்வகம் பார்க்கவில்லை. ஆனால் தவறிப்போனால் அதிகம் இழக்கப்போகிறவர் அவர். அதனால் நிச்சயம் தெரியாமலே மருந்து கொடுத்தேன். மகனுக்கு நிச்சயம் தெரியாமலே மருந்து கொடுக்காமல் விட்டேன்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு கண்ணிகளைச் சொல்லாமல் போனால் பேச்சு முழுமையாகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஃப்ளூ ஆடியிலும் ஆவணியிலும் உச்சத்துக்கு வந்தால், சென்னை, வேலூர்ப் பக்கம் செய்த ஆய்வுகளில் அக்டோபர், நவம்பரில் வருகிறது. நம் மழையோடு சேர்ந்து வருகிறது. அதே மழையில்தான் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருகின்றன. எல்லாம் முதல் நாள் ஒரே மாதிரி: திடீர்க் காய்ச்சல், உடம்பு முறிவு, தலைவலி. வித்தியாசம் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிறது. நல்ல காய்ச்சல் அடிக்கிறது, ஆனால் இருமல் இல்லை, தொண்டை வலி இல்லை, மூக்கு ஒழுகவில்லை என்றால் அதை ஃப்ளூ என்று நினைத்து வீட்டில் படுக்காதீர்கள். அங்கே தேவைப்படுவது ரத்தப் பரிசோதனை. டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். நடவுச் சேற்றில் நின்றவருக்குக் கண் சிவந்து, கெண்டைக்கால் தொட்டாலே வலித்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். டெங்கு இல்லையென்று தெரிகிற வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

இன்னொன்று வைக்கோல். அலர்ஜியில் காய்ச்சல் வராது என்று சொன்னால் அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி. மீதி ஒன்று வைக்கோல் போரில் ஒளிந்திருக்கிறது. மழையில் நனைந்து உள்ளே புழுங்கிப்போன போரைப் பிரித்து உதறும்போது வெள்ளையாக ஒரு பொடி பறக்கும். அது பூஞ்சையும் நுண்ணுயிரும். சிலருக்கு அது மூக்கில் தங்காமல் நுரையீரலின் கடைசி அறை வரை போய்ச் சேர்ந்து அங்கே ஒவ்வாமையைக் கிளப்பும். அப்போது உடனே தும்மல் வராது. நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து, ராத்திரி படுக்கப் போகும்போது, குளிர், காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல். பார்ப்பதற்கு அப்படியே ஃப்ளூ! ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடும். மாட்டுக்கு வைக்கோல் உதறும்போது மறுபடி வரும். வருடத்துக்கு மூன்று நாலு முறை ‘ஃப்ளூ’ வருகிறது, வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டுவதில்லை என்று யாராவது சொன்னால், அன்றைக்குக் காலையில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். இதைக் கண்டுகொள்ளாமல் வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு மருந்து அதிகம் கேட்காது.

பெரியவருக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. இருமல் பங்குனி உத்திரம் தாண்டியும் இருந்தது. அந்த நெல்லெல்லாம் நாற்பது கிலோ மூட்டையாகி எப்போதோ லாரி ஏறிவிட்டது. அடுத்த வருடம் அறுவடைக்கு மெஷின் பக்கம் போகும்போது மூக்கை மூடி ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது.

“டாக்டர் தம்பி, தும்மல் தொடங்கிடுச்சு. அரிப்பு இருக்கு. உடம்பு வலி இல்ல. இன்னும் எந்த மாத்திரையும் போடல. தெர்மாமீட்டர் வச்சுட்டேன், தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. இப்ப அலர்ஜி மாத்திரை போடவா?”

போடுங்கள் என்றேன்.